நான்கு வரியில் வந்த ₹16,732: ஒரு பயணச் செலவு கிளைமின் நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சர்வீஸ் இன்ஜினியர்கள் வெளியூர் போய் வந்து கொடுக்கும் செலவு கிளைம்களைச் சரிபார்த்துப் பணம் போடுவது என் பொறுப்பு. 2024 ஜூன் மாதம் ஒரு இன்ஜினியரிடமிருந்து வந்த கிளைமை இங்கே முழுசாக எழுதுகிறேன். அதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. செலவு எல்லாமே உண்மையாக நடந்தது. இருந்தும் அது ஒருமுறை திரும்பிப் போனது, தொகையும் ₹912 குறைந்தது. அந்தத் தொகையைவிடப் பெரியதாக, கம்பெனிக்கு வரவேண்டிய பணம் கொஞ்சம் அந்தக் காகிதங்களுக்குள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது.

பயணம் இப்படி. ஜூன் 9 ஞாயிறு இரவு சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வாடிக்கையாளரிடம் வேலை, எழும்பூரில் தங்கல். புதன் காலை மாதவரத்தில் பஸ் ஏறி நெல்லூர், அங்கே ஓர் இரவு. வியாழன் வேலை முடித்து மாலை சென்னை திரும்பி, அங்கிருந்து ஆம்னி பஸ்ஸில் வெள்ளி காலை கோவை. கையில் கொடுத்திருந்த அட்வான்ஸ் ₹8,000.

ஜூன் 18 அன்று அவர் கொடுத்த படிவத்தில் நான்கே வரிகள்: பயணம் ₹4,820, தங்கல் ₹7,280, பேட்டா ₹1,800, இதர ₹2,832. ஆகமொத்தம் ₹16,732. அட்வான்ஸ் போக ₹8,732 வரவேண்டும் என்று கீழே எழுதியிருந்தார். கூடவே ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் கவர்.

"எல்லா பில்லும் உள்ளயே இருக்குதுங்க்கா" என்றார்.

"இருக்குதுங்க தம்பி. ஆனா இந்த 4,820-க்கு எந்த எந்த பில்லுனு நான்தானே தேடோணும்?"

கவரைக் கொட்டினால் பதினான்கு துண்டு. கூட்டிப் பார்த்தேன், 4,820 எந்த வகையிலும் வரவில்லை. இரண்டு ஆட்டோவுக்குச் சீட்டே இல்லை, ஒரு கேபுக்குப் பணம் போன ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருந்தது, ஒரு பஸ் டிக்கெட் வெறும் வெள்ளைத் தாளாகக் கிடந்தது. கிளைமைத் திருப்புவது எனக்குப் பிடித்த வேலை இல்லை. எட்டாயிரத்துக்கு மேல் அந்தத் தம்பியின் கைப்பணம் உள்ளே கிடக்கிறது, மாதக் கடைசி நெருங்குகிறது. அதனால் திருப்பினால் எல்லாக் கேள்வியையும் ஒரே தடவையில் கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று கேட்டால் அவர் பணம் அடுத்த மாதம்தான் போகும். அன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்து, மறுநாள் காலையில் ஒரே மெயிலில் எழுதி அனுப்பினேன்.

எங்கள் கம்பெனி விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. சர்வீஸ் இன்ஜினியருக்கு ரயிலில் மூன்றாம் வகுப்பு ஏசி. அறை வாடகை வரி சேர்க்காமல் சென்னையில் ஒரு இரவுக்கு ₹2,500 வரை, மற்ற ஊர்களில் ₹1,800 வரை. சாப்பாட்டுக்கு நாள் பேட்டா சென்னையில் ₹500, மற்ற இடத்தில் ₹400. இதற்கு பில் வேண்டாம், ஆனால் அறையோடு காலைச் சாப்பாடு சேர்ந்திருந்தால் அந்த நாளுக்கு ₹100 கழியும். ₹200 வரை உள்ள சில்லறைச் செலவுக்கு பில் இல்லாமல் கையெழுத்திட்ட வவுச்சர் போதும். அவசரத்துக்கு உதிரிபாகம் வாங்க ₹3,000 வரை சர்வீஸ் மேனேஜர் போனிலேயே ஒப்புதல் தரலாம், பிறகு எழுத்தில் வரவேண்டும். ஊர் திரும்பிய பத்து நாளுக்குள் கிளைம் தரவேண்டும். அவருக்கு அது ஜூன் 24.

முதலில் அந்த "இதர ₹2,832".

கவரில் இருந்த மற்ற பில்களோடு ஒப்பிட்டால் இது நல்ல பில். பாரிமுனைக் கடை ஒன்றின் வரி பில், எங்கள் கம்பெனி பெயர், ஜிஎஸ்டி எண் எல்லாம் சரியாக இருந்தது. மெக்கானிக்கல் சீல் ஒன்று ₹2,400, 18 சதவீத வரி ₹432. கேட்டபோது கதை வந்தது. அம்பத்தூரில் பம்பைப் பிரித்துப் பார்த்தால் ஷாஃப்ட் பக்கம் தண்ணீர் சொட்டுகிறது, சீல் தேய்ந்து போயிருக்கிறது. இங்கிருந்து பார்சல் அனுப்பினால் இரண்டு நாள் ஆகும். திங்கள் மாலை மேனேஜருக்குப் போன் செய்து, செவ்வாய் காலை பாரிமுனை போய் வாங்கி வந்து மாட்டியிருக்கிறார். வாடிக்கையாளரின் லைன் அன்று மதியமே ஓடியது. வேலையாகப் பார்த்தால் அவர் செய்தது அத்தனையும் சரி.

ஆனால் இது பயணச் செலவே இல்லை. "இதர" என்று வந்ததை அப்படியே பயணக் கணக்கில் எழுதி அவருக்குப் பணம் போட்டிருந்தால், அந்த சீல் எங்கள் புத்தகத்தில் ஒரு டீக்காசு மாதிரி மறைந்து போயிருக்கும். நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்த பம்ப் வாரன்டியில் இருக்கிறதா? சர்வீஸ் ரிப்போர்ட்டைப் புரட்டினால் வாரன்டி ஏப்ரலிலேயே முடிந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் அவரே "சார்ஜபிள்" என்று டிக் அடித்து வாடிக்கையாளரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். ஆனால் பில் போடும் பிரிவுக்கு சீல் வாங்கிய தகவல் போகவில்லை, ஏனென்றால் அது ஸ்டோரிலிருந்து வெளியே போன பொருள் இல்லை. ஸ்டோர் சீட்டு இல்லாத பொருளுக்கு அங்கே யாரும் பில் போடமாட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே சர்வீஸ் கட்டணத்துக்கு மட்டும் ஒரு பில் தயார் செய்து வைத்திருந்தார்கள், நல்லவேளையாக அது இன்னும் போகவில்லை.

வழியில் வாங்கும் உதிரிபாகத்துக்குக் கிளைமில் மூன்று விவரம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எந்த சர்வீஸ் கால் எண்ணுக்கு வாங்கியது, வாரன்டியா சார்ஜபிளா, யார் ஒப்புதல் தந்தது. ஒப்புதலுக்கு அவரிடம் நல்ல ஆதாரம் இருந்தது. சொட்டும் சீலை போட்டோ எடுத்து மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே "வாங்கிக்கோங்க" என்று பதிலும் வந்திருந்தது. அதை அச்செடுத்து மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி இணைக்கச் சொன்னேன்.

அடுத்தது இரண்டு அறை பில். இரண்டுமே வரம்புக்குள்தான்: எழும்பூரில் ₹2,400 வீதம் இரண்டு இரவு, நெல்லூரில் ₹1,700. இரண்டிலும் அப்போதைய 12 சதவீத வரி. ஆனால் என் மேசையில் இவை இரண்டும் வேறு வேறு சாதி.

எழும்பூர் பில் அவர் சொந்தப் பெயரில் இருந்தது. கம்பெனியின் ஜிஎஸ்டி எண் இல்லை. அறை எடுக்கும்போது ஆதாரைக் காட்டியிருக்கிறார், வரவேற்பில் இருந்தவர் அந்தப் பெயரையே பில்லில் போட்டுவிட்டார். அவருக்குக் கிடைக்கும் தொகையில் இதனால் ஒரு பைசா மாறாது. கம்பெனிக்கு மாறும். ₹4,800 வாடகை மேல் வரி ₹576. பில் கம்பெனி பெயரில், எண்ணோடு இருந்தால் அந்த 576-ஐ நாங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். தனி ஆள் பெயரில் இருந்தால் முடியாது.

நெல்லூர் பில் தலைகீழ். அதில் கம்பெனி பெயர், எண் எல்லாம் பளிச்சென்று இருந்தது, தம்பிக்கு அதில் பெருமையும்கூட. ஆனால் அந்த வரி ₹204 எங்களுக்குக் கிடைக்காது. தங்கும் அறைக்கு வரி விதிக்கும்போது, விருந்தினர் எந்த ஊர் என்று பார்ப்பதில்லை, கட்டடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. நெல்லூர் விடுதி மத்திய வரி ஒரு பாதி, ஆந்திர மாநில வரி ஒரு பாதி என்றுதான் போடும். எங்கள் பதிவு தமிழ்நாட்டில். ஆந்திராவில் பதிவு இல்லாத கம்பெனி அந்த வரியை வரவு வைக்க முடியாது. விடுதி செய்தது சரி, அவர் செய்தது சரி, வரி மட்டும் செலவோடு செலவாகப் போகும். இதைச் சொன்னதும் அவர் கேட்டார், "அப்ப வெளி ஸ்டேட்ல நம்பர் தர வேண்டாங்களா?" தாருங்கள் என்றேன். பில் கம்பெனி பெயரில் இருந்தால் அது கம்பெனிச் செலவு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வரி வரவு மட்டும்தான் வராது.

சரி, எழும்பூர் பில்லை மாற்ற முடியுமா? ஜூன் 19-ஆம் தேதி அவர் விடுதிக்குப் போன் செய்தார். "பில் குளோஸ் ஆயிடுச்சு, ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பதிலை நான் நிறையத் தடவை கேட்டிருக்கிறேன். வரவேற்பில் இருப்பவருக்கு அது குளோஸ்தான். ஆனால் விடுதியின் கணக்காளருக்கு அது இன்னும் திறந்துதான் இருக்கிறது. மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்கள் ஜூன் விற்பனையை ஜூலை 11-க்குள் தாக்கல் செய்தால் போதும். அதுவரை பழைய பில்லை ரத்து செய்து, கம்பெனி பெயரில் புது பில் போடுவதில் சிக்கல் பெரிதாக ஒன்றும் இல்லை. கணக்காளரைக் கேளுங்கள், ஜூன் ரிட்டர்ன் இன்னும் போடவில்லைதானே என்று மட்டும் கேளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். கம்பெனியின் பெயர், விலாசம், எண் மூன்றையும் மெயிலில் அனுப்பச் சொன்னேன். வாயால் சொன்னால் பதினைந்து எழுத்தில் ஒன்று தவறிப் போகும். 21-ஆம் தேதி புது பில் எண்ணோடு, கம்பெனி பெயரில் பில் வந்தது. இதே பயணம் மே மாதம் நடந்து, அவர் ஜூன் கடைசியில் கிளைம் கொடுத்திருந்தால், விடுதி மே மாத ரிட்டர்னைப் போட்டு முடித்திருக்கும். அப்புறம் திருத்தம் அடுத்த ரிட்டர்னில்தான், அதற்கு அவர்கள் எளிதில் வரமாட்டார்கள். பத்து நாள் வரம்புக்கு எங்கள் பக்கம் உள்ள காரணங்களில் இது ஒன்று.

ரயில் டிக்கெட்டில் கவனிக்க வேண்டியது வேறு. திரும்பி வர வியாழன் இரவுக்கு மூன்றாம் ஏசியில் ₹810-க்கு டிக்கெட் எடுத்திருந்தார். காத்திருப்புப் பட்டியல். சார்ட் தயாரானபோதும் உறுதியாகவில்லை, தானாக ரத்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ₹1,150-க்கு ஆம்னி பஸ். படிவத்தில் 810, 1,150 இரண்டையும் சேர்த்திருந்தார், ஏனென்றால் இரண்டு செலவுக்கும் அவரிடம் தாள் இருந்தது.

இப்படி ரத்தாகும் ஆன்லைன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய கணக்குக்கே தானாகத் திரும்பி வந்துவிடும். முழுசாக வராது. பதிவுக் கட்டணம் திரும்பாது, காத்திருப்பு டிக்கெட்டுக்கு ஒரு சிறு பிடித்தமும் அதற்கு வரியும் உண்டு. வருவதற்குச் சில நாள் ஆகும் என்பதால், ஊர் திரும்பிய களைப்பில் கிளைம் எழுதுபவருக்கு அது நினைவில் இருக்காது. வங்கிக் கணக்கைப் பார்க்கச் சொன்னேன். ₹712 வந்து நான்கு நாளாகிறது. "அய்யோ அக்கா, சத்தியமா பாக்கலீங்க" என்று முகம் சிவந்துவிட்டார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. டிக்கெட்டில் உண்மையான நட்டம் ₹98, அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். அந்த 98-ஐப் படிவத்தில் தனி வரியாக எழுதச் சொன்னேன். சிலர் கூச்சப்பட்டு இந்தப் பிடித்தத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், அதுவும் தப்புதான்.

ஆம்னி பஸ் கட்டணம் ரயிலைவிட அதிகம் என்றாலும், ரத்தான டிக்கெட்டையே காரணமாகக் காட்டலாம். ரத்தான தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ஸ்கிரீன்ஷாட் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான்கு கேப் பயணங்களில் மூன்றுக்கு ஆப் தந்த பில் இருந்தது. நான்காவதற்கு, யாரோ ஒருவர் பெயருக்கு ₹264 யுபிஐயில் போனதன் படம். பணம் போனது என்பதற்கு அது ஆதாரம். எதற்குப் போனது என்பதற்கு ஆதாரம் இல்லை. எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு என்று அதில் எதுவுமே இல்லை. அவர் மெயிலில் தேடியபோது அந்தப் பயணத்தின் பில் ஆப் கம்பெனியிலிருந்து அன்றே வந்து கிடந்தது. இரண்டு ஆட்டோவும் 200-க்குக் கீழ் என்பதால் வவுச்சர் போதும், ஆனால் "ஆட்டோ 330" என்று ஒரே வவுச்சர் போட முடியாது. சென்ட்ரலிலிருந்து எழும்பூர் ₹150 ஒன்று, எழும்பூரிலிருந்து பாரிமுனை ₹180 ஒன்று, தேதியும் காரணமும் போட்டு இரண்டு.

பேட்டாவில் கழிந்தது ₹200. எழும்பூர் அறை பில்லின் மேலேயே காலைச் சாப்பாடு சேர்த்தி என்று அச்சாகியிருந்தது. 11, 12 இரண்டு நாளுக்கும் நூறு நூறு.

கடைசியாக அந்த வெள்ளைத் தாள். நெல்லூரிலிருந்து சென்னை வந்த பஸ் டிக்கெட், ₹260. இந்த மெஷின் டிக்கெட்டுகள் சூடுபட்டால் எழுத்து வரும் தாளில் அடிப்பவை. சட்டைப் பையில் வியர்வை, பிறகு பிளாஸ்டிக் கவரில் நான்கு நாள். பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் அந்த எழுத்து இன்னும் வேகமாக அழியும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் ஒரு "13" மட்டும் நிழலாகத் தெரிந்தது. போட்டோவும் எடுக்கவில்லை. 260 என்பது 200-க்கு மேல், விதிப்படி பில் வேண்டும். நான் இதை மேனேஜரின் சிறப்பு ஒப்புதலுக்கு அனுப்பினேன், கொடுக்கலாம் என்று என் கருத்தையும் எழுதினேன். புதன் போன டிக்கெட் தெளிவாக இருக்கிறது, அதே வழி, அதே கட்டணம். வியாழன் மாலை வரை நெல்லூரில் இருந்ததற்கு சர்வீஸ் ரிப்போர்ட் இருக்கிறது, அன்று இரவு சென்னையில் ஆம்னி ஏறியதற்கு டிக்கெட் இருக்கிறது. நடுவில் அவர் பறந்து வந்திருக்க முடியாது. இப்படி முன்னும் பின்னும் தாள் இருந்தால் இடையில் ஒன்று தொலைந்ததை ஏற்கலாம் என்பது என் எண்ணம். மாதாமாதம் ஒரே ஆளுக்கு இது நடந்தால் வேறு மாதிரி பார்ப்பேன்.

கடைசி நாளான ஜூன் 24 காலை இரண்டாவது கிளைம் வந்தது. மேலே சிறு குறிப்பு: "ஜூன் 9 முதல் 14 வரை அம்பத்தூர், நெல்லூர் சர்வீஸ் பயணத்துக்கான செலவு கீழே தேதி வாரியாக உள்ளது. ஒவ்வொரு வரியின் எண்ணும் அதற்குரிய பில்லின் மேல் மூலையில் எழுதப்பட்டுள்ளது. வரி 8-க்கு டிக்கெட் அழிந்துவிட்டது, மேனேஜர் ஒப்புதல் இணைப்பில். வரி 9 ரத்தான டிக்கெட்டில் திரும்பி வந்த ₹712 போக மீதி. வரி 12 பயணச் செலவு அல்ல, சார்ஜபிள் உதிரிபாகம், வாடிக்கையாளருக்கு பில் போட வேண்டும்."

| வரி | தேதி | செலவு | ₹ | ஆதாரம் |
|---|---|---|---|---|
| 1 | 9.6 | கோவை–சென்னை ரயில், 3 ஏசி | 810 | டிக்கெட் |
| 2 | 10.6 | சென்ட்ரல்–எழும்பூர் ஆட்டோ | 150 | வவுச்சர் |
| 3 | 10, 11.6 | கேப், 4 பயணம் | 1,200 | ஆப் பில் 4 |
| 4 | 11.6 | எழும்பூர்–பாரிமுனை ஆட்டோ | 180 | வவுச்சர் |
| 5 | 10–12.6 | எழும்பூர் அறை, 2 இரவு | 5,376 | திருத்திய பில் |
| 6 | 12.6 | சென்னை–நெல்லூர் பஸ் | 260 | டிக்கெட் |
| 7 | 12–13.6 | நெல்லூர் அறை, 1 இரவு | 1,904 | பில் |
| 8 | 13.6 | நெல்லூர்–சென்னை பஸ் | 260 | ஒப்புதல் |
| 9 | 13.6 | ரத்தான ரயில் டிக்கெட் பிடித்தம் | 98 | டிக்கெட், வங்கிப் பதிவு |
| 10 | 13.6 | சென்னை–கோவை ஆம்னி பஸ் | 1,150 | டிக்கெட் |
| 11 | 10–13.6 | பேட்டா, ₹200 கழித்து | 1,600 | விதிப்படி |
| 12 | 11.6 | மெக்கானிக்கல் சீல் | 2,832 | பில், ஒப்புதல் |
| | | மொத்தம் | 15,820 | |

அட்வான்ஸ் ₹8,000 போக அவருக்குச் சேரவேண்டியது ₹7,820. பில்களை ஏ4 தாளில் ஒட்டி, அழியக்கூடிய டிக்கெட்டுக்குப் பக்கத்தில் நகலும் வைத்திருந்தார். பிளாஸ்டிக் கவர் இல்லை. நான் சரிபார்த்து முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை, அவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவும் இல்லை.

புத்தகத்தில் இந்த ₹15,820 மூன்றாகப் பிரிந்தது. சீல் ₹2,400 உதிரிபாகக் கணக்குக்கு, எழும்பூர் அறை வரி 576-உம் சீல் வரி 432-உம் சேர்ந்து ₹1,008 வரி வரவுக்கு, மீதி ₹12,412 பயணச் செலவுக்கு. ஏசி ரயில் டிக்கெட்டிலும் கொஞ்சம் வரி உண்டு. பதிவு செய்யும்போதே கம்பெனி எண்ணைத் தரவில்லை என்பதால் அதை விட்டுவிட்டோம்.

ஜூன் 28 வெள்ளிக்கிழமை அவர் கணக்கில் பணம் ஏறியது. அம்பத்தூர் வாடிக்கையாளருக்கு சர்வீஸ் கட்டணத்தோடு சீலையும் சேர்த்து பில் போனது. ஜூலை 15 காலை ஜிஎஸ்டி தளத்தில், எங்களுக்கு எந்த பில்லுக்கு வரி வரவு உண்டு என்று காட்டும் 2பி அறிக்கையை ஜூன் மாதத்துக்கு இறக்கிப் பார்த்தேன். எழும்பூர் விடுதியின் 576 வரவு கிடைக்கும் பகுதியில் இருந்தது. நெல்லூரின் 204, வரவு கிடைக்காத பகுதியில், வாங்கியவரின் மாநிலம் வேறு என்ற காரணத்தோடு உட்கார்ந்திருந்தது.

அந்த மாதமே எங்கள் கிளைம் படிவத்தில் இரண்டு கட்டம் சேர்த்தேன். ஒன்று, "ரத்தான டிக்கெட்டுக்குத் திரும்பி வந்த தொகை". மற்றது, "வழியில் வாங்கிய பொருள்: வாரன்டி / சார்ஜபிள், சர்வீஸ் கால் எண்". "இதர" என்று இருந்த வரியை எடுத்துவிட்டேன்.